அழுத்திப் பிடிக்க வேண்டாத மூன்று விசைகள்

பாத்திரமேற்று ஆடும் இணைய விளையாட்டுகளில் மாலை நேரங்களை நீண்ட காலமாகச் செலவிட்டு வருகிறேன். இரண்டரை மணி நேரம் ஆடி எழுந்தால், இடது முன்கையின் மேல்பகுதியில் ஒரு மந்தமான வலி தங்கியிருக்கும். நடுவிரலை முழுமையாக நீட்டுவதற்குச் சிறிது நேரம் ஆகும். சண்டைகளில் விசைகளை வேகவேகமாகத் தட்டுவதுதான் இதற்குக் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஆகவே சண்டைக்குரிய விசைகளையே மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். வலி சற்றும் குறையவில்லை.

ஒரு நாள் மாலை, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தாளில் குறித்தேன். ஏறக்குறைய 150 நிமிட ஆட்டத்தில் 35 நிமிடங்கள் சண்டைக்கும், 40 நிமிடங்கள் பைகளை ஒழுங்குபடுத்துவது, சந்தையில் விற்பது, நண்பர்களோடு பேசுவது ஆகியவற்றுக்கும் போயிருந்தன. மீதி 75 நிமிடங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த 75 நிமிடங்களில் பெரும்பகுதி நேரம் என் இடக்கை நடுவிரல், முன்னோக்கி ஓட வைக்கும் W விசையை அழுத்திப் பிடித்திருந்தது. பாதையைத் திருப்புவதற்காக வலக்கை நடுவிரல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது. சண்டை நேரத்தில் விரல்கள் தட்டி விடுகின்றன, அதாவது ஒவ்வொரு தட்டலுக்கும் இடையே தசை தளர்கிறது. பயணத்தில் அந்தத் தளர்ச்சிக்கு இடமே இல்லை.

விசைப்பலகையின் ஒரு விசையைத் தட்டத் தேவைப்படும் அழுத்தம் மிகச் சிறியது. பலவற்றில் 45 முதல் 60 கிராம் எடைக்கு ஈடான அளவுதான். இவ்வளவு சிறிய சுமை எப்படி வலி தரும் என்று கேட்கத் தோன்றும். சுமையின் அளவைவிட அதன் தொடர்ச்சிதான் இங்கே முக்கியம். அசையாமல் இறுகி நிற்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது. சுருங்கித் தளரும் தசைக்கு ஒவ்வொரு தளர்ச்சியிலும் புதிய இரத்தம் வந்து சேர்கிறது. இறுகியே நிற்கும் தசைக்கு அது கிடைப்பதில்லை. அதனால் நூறு முறை தட்டிய விரலைவிட, பத்து நிமிடம் ஒரே விசையைப் பிடித்திருந்த விரல் அதிகமாகக் களைத்துப்போகிறது. நடுவிரல் கீழே அழுந்தியிருக்கும்போது அதன் அண்டை விரல்கள் A, D விசைகளின் மேல் தொட்டும் தொடாமலும் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்கையின் மேல்பகுதியில் எனக்கு வலித்ததற்கு அந்தத் தூக்கி நிறுத்தலே காரணம் என்று இப்போது கருதுகிறேன்.

இதை உணர்ந்த பிறகு என் கேள்வி மாறியது. எத்தனை விசைகளை அழுத்துகிறேன் என்பதை விட்டுவிட்டு, எந்தெந்த விசைகளைப் பிடித்திருக்கிறேன் என்று பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்த்தபோது, விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் நான் ஒருபோதும் கவனித்திராத மூன்று விசைகள் முன்னால் வந்து நின்றன. தானாக ஓட வைக்கும் ஆட்டோ ரன் ஒன்று. ஓட்டத்தை நடையாகவும் நடையை ஓட்டமாகவும் மாற்றும் விசை இன்னொன்று. மவுஸை நகர்த்தினால் திரையின் பார்வையே திரும்பும்படி கேமராவோடு கட்டுண்டிருக்கும் கர்சரை விடுவிக்கும் விசை மூன்றாவது. மூன்றும் செய்வது ஒரே வேலையைத்தான். பிடித்திருக்க வேண்டிய ஒன்றை, ஒரு முறை தட்டினால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவருகின்றன.

ஆட்டோ ரன் இவற்றில் பலருக்கும் தெரிந்தது. 2004ஆம் ஆண்டு வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அது தொடக்கத்திலேயே Num Lock விசையிலும், மவுஸின் பக்கப் பொத்தான் ஒன்றிலும் அமைக்கப்பட்டிருக்கும். ஒருமுறை தட்டினால் பாத்திரம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். அதே விசையை மீண்டும் தட்டினாலோ, முன்னோக்கிச் செல்லும் விசையையோ பின்னோக்கிச் செல்லும் விசையையோ தொட்டாலோ நின்றுவிடும். பக்கவாட்டில் நகர்வதும் திரும்புவதும் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. எந்த விசை ஓட்டத்தை நிறுத்துகிறது, எது நிறுத்தவில்லை என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறக்கூடியது. ஆகவே புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கியதும், பாதுகாப்பான ஒரு சமவெளியில் நின்று, ஆட்டோ ரன்னைத் தொடங்கி, ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம். இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. மலைவிளிம்பில் நின்று முதன்முதலாக அதைத் தெரிந்துகொள்ள நேர்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆட்டோ ரன்னைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இடக்கை வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் இரண்டாம் வாரத்தில் வலக்கை வலிக்கத் தொடங்கியது. இந்த இடத்தில்தான் பலர் குழம்பி, ஆட்டோ ரன்னால் பயனில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நடந்தது மிக எளிது. முன்பு ஓடுவதற்கு இடக்கையும் திருப்புவதற்கு வலக்கையும் உழைத்தன. இடக்கைக்கு ஓய்வு கிடைத்ததும், A, D விசைகளைத் தட்டித் திருப்பி வந்த சிறு வேலைகளையும் வலக்கையே எடுத்துக்கொண்டது. பயணம் முழுவதும் மவுஸின் வலப் பொத்தானைப் பிடித்தபடியே பாதையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிடிப்பு ஒரு கையிலிருந்து மறுகைக்கு இடம்பெயர்ந்ததே தவிர, ஒழியவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மவுஸை நகர்த்துவது, W விசையைப் பிடிப்பதைவிடக் கடினமான வேலையும்கூட. ஒரு விரல் இறுகியிருக்க, அதே கையின் மணிக்கட்டு நுட்பமாக அசைய வேண்டியிருக்கிறது.

கர்சரை விடுவிக்கும் விசையின் பயன் எனக்கு இங்கேதான் புரிந்தது. இணைய விளையாட்டுகள் கர்சரைக் கையாளும் முறையில் இரண்டு மரபுகள் உள்ளன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போன்ற பழைய மரபில் கர்சர் எப்போதும் விடுபட்டே இருக்கும். வலப் பொத்தானைப் பிடித்திருக்கும் வரையில்தான் மவுஸ் கேமராவையும் பாத்திரத்தையும் சேர்த்துத் திருப்பும். பிளாக் டெசர்ட், எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் போன்ற ஆட்டங்களின் மரபில் மவுஸ் எப்போதும் கேமராவோடு கட்டுண்டிருக்கும். கர்சர் வேண்டுமென்றால் தனி விசை ஒன்றைத் தட்டி வரவழைக்க வேண்டும். பிளாக் டெசர்டில் அந்த வேலையை Ctrl விசை செய்கிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் முற்றுப்புள்ளி விசை செய்கிறது. கில்ட் வார்ஸ் 2 முதலில் பழைய மரபில் வெளிவந்து, 2016இல் ஆக்‌ஷன் கேமரா என்ற பெயரில் இரண்டாவது முறையையும் சேர்த்துக்கொண்டது. அதை இயக்கவும் விடுவிக்கவும் தனி விசைகளை அமைத்துக்கொள்ளலாம்.

கை வலியின் கோணத்திலிருந்து பார்த்தால் இரண்டாவது மரபே நல்லது. அதில் கேமராவைத் திருப்ப எதையும் பிடித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கர்சரை விடுவிக்கும் விசை தட்டினால் மாறுவதாக இருக்க வேண்டும். பிடித்திருக்கும் வரை மட்டுமே கர்சர் தெரியும் என்று அமைத்திருந்தால், பயணத்தில் மிச்சப்படுத்திய பிடிப்பைப் பைகளை ஒழுங்குபடுத்தும்போது செலவழித்துவிடுவோம். பல ஆட்டங்களின் அமைப்பில் இதற்கு இரண்டு தெரிவுகள் உண்டு. பிடித்திருக்கும் முறையை ஒரு நொடிப் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்; சரக்குகளை இடம்மாற்றுவது போன்ற நீண்ட வேலைக்குத் தட்டி மாற்றும் முறைதான் உதவும். அந்தப் பிடிப்புக்கு Ctrl விசையைப் பயன்படுத்துவது இன்னும் மோசம். விசைப்பலகையின் கீழ் மூலையில் இருப்பதால், சுண்டுவிரல் மடங்கி, மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பழைய மரபைச் சேர்ந்த ஆட்டத்திலும் வழி உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இதற்கென ஒரு சிறிய மேக்ரோவை, அதாவது ஒரு தட்டலில் இயங்கும் கட்டளையை, எழுதிக்கொள்ளலாம்:

```
/run if IsMouselooking() then MouselookStop() else MouselookStart() end
```

இதை ஒரு விசையில் வைத்துத் தட்டினால் மவுஸ் கேமராவோடு கட்டுண்டுவிடும். மீண்டும் தட்டினால் கர்சர் திரும்ப வரும். இதற்கு ஒரு குறையும் உண்டு. கட்டுண்ட நிலையில் இருக்கும்போது பழக்கத்தால் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி விட்டால், பொத்தானை விட்ட அதே கணத்தில் கட்டு அவிழ்ந்துவிடும். முதல் சில நாட்கள் இது அடிக்கடி நேர்ந்தது. கேமரா திடீரென்று திரும்ப மறுக்கும், பாத்திரம் நேராக ஓடி வேலியில் முட்டி நிற்கும். விரல் பழகிய பிறகு, பயணத்தில் வலப் பொத்தானைத் தொடும் வழக்கமே என்னிடமிருந்து போய்விட்டது.

ஆட்டோ ரன்னும் கட்டுண்ட மவுஸும் சேர்ந்த பிறகு பயணம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு தட்டல்களில் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு இடக்கை விசைப்பலகையிலேயே இருக்க வேண்டியதில்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன், விரல்களை விரித்து மடக்குகிறேன், தண்ணீர் குடிக்கிறேன். வலக்கை எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் மவுஸின் மேல் தளர்வாகப் படிந்திருக்கிறது. பாதை வளையும்போது மட்டும் சற்றே நகர்த்துகிறேன். நேரான சாலை ஒன்று வந்தால் கர்சரை விடுவித்து, ஓடிக்கொண்டே பையைத் திறந்து பார்க்கிறேன். அந்த நேரத்தில் பாதையைத் திருப்ப மவுஸ் உதவாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சாலையின் நீளத்தை முன்பே பார்த்துக்கொண்டு, அதற்குள் முடியக்கூடிய வேலையை மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

நடையாக மாற்றும் விசையைப் பற்றிப் பலருக்கும் ஒரே ஓர் அபிப்பிராயம்தான் இருக்கிறது. பாத்திரமாகவே வாழ்ந்து ஆடுகிறவர்கள் ஊர்த்தெருவில் கம்பீரமாக நடந்து செல்வதற்கு அது உதவும் என்பார்கள். அந்தப் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு விழாக் கூட்டத்தின் நடுவே ஓடாமல் நடந்து செல்லும் பாத்திரத்தைப் பார்ப்பதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் கைக்கு இளைப்பாறுதல் தருவதில் அதற்குள்ள பங்கு வேறு. வழித்துணைப் பணிகளில் அது வெளிப்படும்.

வழித்துணைப் பணி என்றால், ஆட்டத்திலுள்ள யாரோ ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாதுகாப்பாக அழைத்துச் செல்வது. பல ஆட்டங்களில் அந்த வழிப்போக்கர் நம் நடையைவிட வேகமாகவும் நம் ஓட்டத்தைவிட மெதுவாகவும் செல்வார். இதனால் W விசையைத் தொட்டு விட்டு, தொட்டு விட்டு, தடுமாறித் தடுமாறி அவரோடு போக வேண்டியிருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் சாதாரண ஓட்டம் நொடிக்கு 7 யார்டு, நடை நொடிக்கு 2.5 யார்டு. வழிப்போக்கர் நொடிக்கு 4 யார்டு செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் 5 நொடி ஓடினால் 35 யார்டு, அடுத்த 10 நொடி நடந்தால் 25 யார்டு. ஆக 15 நொடியில் 60 யார்டு. அவரும் அதே 15 நொடியில் 60 யார்டு வந்திருப்பார். ஆட்டோ ரன்னை நிறுத்தவே வேண்டியதில்லை. அதை இயங்கவிட்டு, நடை விசையை மட்டும் 15 நொடிக்கு இரண்டு முறை தட்டினால் போதும். ஓடும் 5 நொடியில் 15 யார்டு முன்னே சென்று அங்கே பகைவர் எவரும் இருக்கிறாரா என்று பார்த்துவிடுகிறேன். பிறகு நடக்கும்போது அவர் என்னை வந்தடைகிறார். 15 யார்டுக்கு மேல் விலகுவதில்லை என்பதால் பணி முறிந்துபோகும் அச்சமும் பெரும்பாலும் இல்லை.

வழிப்போக்கரின் வேகம் தெரியாவிட்டால், முதல் அரை நிமிடத்தில் அளந்துவிடலாம். அவர் பக்கத்திலிருந்து நடந்து செல்லத் தொடங்கி, அவர் எவ்வளவு முந்துகிறார் என்று பார்த்தால், ஓட்டத்தின் பங்கு எவ்வளவு வேண்டும் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். இதற்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை. மேலே எழுதியது, ஏன் இது பலிக்கிறது என்று காட்டுவதற்காகத்தான்.

நடை விசைக்கு ஒரு பெரிய தீமை இருக்கிறது. பல ஆட்டங்களில் நடைநிலையில் இருக்கிறோம் என்பதைத் திரையில் எதுவும் அறிவிப்பதில்லை. ஒருமுறை குழுவாகக் குகைக்குள் நுழைந்தபோது, என் பாத்திரம் மட்டும் ஊர்ந்துகொண்டு வந்தது. இணைப்பு மோசம் என்று குழுவினரிடம் சொல்லிவிட்டு, ஆட்டத்தை மூடித் திறந்து, அவர்களைப் பத்து நிமிடங்களுக்கு மேல் காக்கவைத்தேன். மவுஸை நகர்த்தி வைத்தபோது உள்ளங்கை விசைப்பலகையின் எண்பகுதியில் பட்டு, நடை விசை தட்டப்பட்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்று காத்திருந்தவர்களிடம் மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகு, மெதுவாகச் செல்வதற்கான காரணத்தை மூன்று அடையாளங்களால் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன். இணைப்பில் கோளாறு என்றால் பாத்திரம் சீராகச் செல்லாது. ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குத் தாவும், அல்லது பின்னுக்கு இழுக்கப்படும். யாரேனும் வேகத்தைக் குறைக்கும் மந்திரத்தை ஏவியிருந்தால், பாத்திரத்தின் மேலுள்ள விளைவுகளின் வரிசையில் அதற்குரிய சின்னம் தெரியும். நடைநிலை என்றால் இரண்டும் இருக்காது. கால்களின் அசைவே மாறியிருக்கும். ஓடும் உடல் முன்சாய்ந்திருக்கும், நடக்கும் உடல் நிமிர்ந்திருக்கும். அந்த நிமிர்ந்த உடலைப் பார்த்தவுடன் இப்போது நடை விசையைத் தட்டிவிடுகிறேன்.

இது நடை விசைக்கு மட்டும் உரிய குறையல்ல. பிடித்திருக்கும் விசைக்கு நினைவு தேவையில்லை. விரல் கீழே இருந்தால் ஓட்டம், மேலே வந்தால் நிறுத்தம், விரலே நமக்குச் சொல்லிவிடும். தட்டி மாற்றும் விசையிலோ, எந்த நிலையில் விட்டோம் என்பதை ஆட்டம் நினைவில் வைத்திருக்கிறது, நாம் மறந்துவிடுகிறோம். கை இளைப்பாறுவதற்காக நாம் செலுத்தும் விலை இதுதான். ஆட்டோ ரன்னில் இருந்துகொண்டே நீண்ட மந்திரம் ஒன்றை ஓத முயன்றால், நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஆட்டம் மறுத்துவிடும். சண்டையின் முதல் இரண்டு நொடிகள் இதில் வீணாகும். கர்சர் விடுபட்ட நிலையில் சண்டை தொடங்கினால், வெட்ட வேண்டிய கிளிக் ஏதோ ஒரு சாளரத்தின் மேல் விழும். ஆகவே சண்டைக்கு முன்னால் ஒரு சிறு பழக்கத்தை வளர்த்துக்கொண்டேன். பகைவரைக் கண்டதும், வேறெதையும் செய்வதற்கு முன், பின்னோக்கிச் செல்லும் S விசையை ஒருமுறை தொட்டுவிடுகிறேன். ஆட்டோ ரன் இயங்கிக்கொண்டிருந்தால் நின்றுவிடும். இல்லாவிட்டால் அரையடி பின்னால் நகர்வதைத் தவிர வேறொன்றும் ஆகாது. இயங்கிக்கொண்டிருந்ததா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஆட்டோ ரன்னின் சொந்த விசையை இதற்குப் பயன்படுத்தினால், ஏற்கெனவே நின்றிருந்த பாத்திரம் பகைவரை நோக்கி ஓடத் தொடங்கிவிடும்.

இனி எந்த விசையை எங்கே வைப்பது என்ற கேள்வி. இதில் நான் பலமுறை தவறு செய்து, இறுதியில் ஒரே ஒரு விதியில் வந்து நின்றேன். ஒரு நிலையை முடிக்கும் விசை, அந்த நிலையில் இருக்கும்போது கை எங்கே இருக்குமோ அங்கே இருக்க வேண்டும். ஆட்டோ ரன் ஓடும்போது என் இடக்கை மடியில் இருக்கிறது. அப்படியானால் அதை நிறுத்துவதற்கான விசை விசைப்பலகையில் மட்டும் இருப்பது சரியல்ல. கர்சரும் அப்படியே. எனவே இரண்டையும் மவுஸின் பக்கப் பொத்தான்களுக்குக் கொண்டுவந்தேன். பெரும்பாலான மவுஸ்களில் கட்டைவிரல் பக்கம் இரண்டு பொத்தான்கள் இருக்கும். பின்னுள்ளது கட்டைவிரலின் கீழேயே படிந்திருக்கும். முன்னுள்ளதைத் தொட விரலைச் சற்று நீட்ட வேண்டும். ஒரு மாலையில் ஆட்டோ ரன்னை நாற்பது ஐம்பது முறை தட்டுகிறேன் என்றால், கர்சர் விசையை அதைப்போல் பல மடங்கு தட்டுகிறேன். ஆகவே பின்பொத்தான் கர்சருக்கு, முன்பொத்தான் ஆட்டோ ரன்னுக்கு. மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தும் முறையையும் முயன்று பார்த்தேன். அழுத்தும்போது சக்கரம் சற்றே உருண்டு கேமராவின் தொலைவு மாறிவிடுகிறது, ஆட்காட்டி விரலுக்கும் அது கடினம். பக்கப் பொத்தான்கள் இல்லாத மவுஸ் என்றால், ஆட்டோ ரன்னை விசைப்பலகையின் வலப்புற ஓரத்தில் வைக்கலாம். மவுஸிலிருந்து வலக்கை ஒரு கணம் எழுந்து தட்டிவிட்டுத் திரும்பும்.

நடை விசைக்கு இதற்கு நேர்மாறான இடம் வேண்டும். அது அரிதாகவே தேவைப்படுகிறது, தவறித் தட்டினால் பெருந்தொல்லை. ஆகவே இரண்டு விரல்கள் சேர்ந்தால் மட்டுமே நிகழக்கூடிய ஒரு கூட்டு விசையில் வைத்திருக்கிறேன்; இப்போது Shift+Z. வழித்துணைப் பணி இருக்கும் நாட்களில் மட்டும் தனி விசை ஒன்றுக்கு அதை மாற்றிக்கொண்டு, பணி முடிந்ததும் திருப்பிவிடுகிறேன்.

Num Lock பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய ஆட்டங்கள் பலவற்றில் ஆட்டோ ரன்னுக்கு அதுவே தொடக்க அமைப்பாக இருப்பதால், பலர் அதையே வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஆட்டத்தோடு விசைப்பலகையின் எண்பகுதியும் நிலை மாறுகிறது. ஆட்டத்தை விட்டு வெளியே வந்து ஏதேனும் எண்ணைத் தட்டச்சு செய்ய முயன்றால், எண்ணுக்குப் பதில் கர்சர் இங்கும் அங்கும் நகரும். விண்டோஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. Num Lock விசையை 5 நொடி பிடித்திருந்தால் டாகிள் கீஸ் என்ற அணுகல் வசதியை இயக்கலாமா என்று கேட்கும் சாளரம் எழலாம். Shift விசையைத் தொடர்ந்து 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் சாளரம் எழும். விரைந்தோட Shift விசையைத் தட்டும் ஆட்டங்களில் இது பெரிய இடைஞ்சல். இந்த வசதிகள் தேவைப்படுகிறவர்களுக்கு அவை மிக முக்கியமானவை. தேவையில்லாதவர்கள் விண்டோஸின் அணுகல் அமைப்புகளுக்குச் சென்று, அந்தக் குறுக்குவிசைகளை மட்டும் நிறுத்திவைத்தால் போதும். எண்பகுதியே இல்லாத சிறிய விசைப்பலகைகளிலும் மடிக்கணினிகளிலும் Num Lock இருக்காது, நடைக்குத் தொடக்க அமைப்பாக வரும் எண்பகுதியின் சாய்கோட்டு விசையும் இருக்காது. அத்தகைய கணினியில் ஆடுகிறவர்கள் பலருக்கு ஆட்டோ ரன், நடை ஆகிய இரண்டு வசதிகளும் இருக்கின்றன என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

Alt விசையைக் கர்சருக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. கட்டைவிரலுக்கு வசதியான இடம்தான். ஆனால் Alt+Tab தட்டி வேறு சாளரத்துக்குச் செல்லும்போது, Alt விசையிலிருந்து விரல் எடுக்கப்பட்ட செய்தி ஆட்டத்துக்குச் சென்று சேராமல் போகலாம். திரும்பி வரும்போது Alt இன்னும் அழுந்தியிருப்பதாகவே ஆட்டம் நினைத்துக்கொண்டிருக்கும். கர்சர் அடங்காது, மற்ற விசைகளும் வேறு வேலையைச் செய்யும். இதற்கு மருந்து, Alt விசையை ஒருமுறை தட்டி விடுவதுதான். காரணம் தெரியாதவர்கள் கணினியையே மறுதொடக்கம் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டோ ரன்னுக்கு அடுத்த படியாகச் சில ஆட்டங்கள் பாதையையும் தாமே பார்த்துக்கொள்கின்றன. பிளாக் டெசர்டில் வரைபடத்தில் போக வேண்டிய இடத்தைக் குறித்துவிட்டு T விசையைத் தட்டினால், பாத்திரமோ குதிரையோ பாதையைப் பின்பற்றித் தானே போகும். வெகுதொலைவுப் பயணத்தில் இது கைகள் இரண்டுக்கும் முழு ஓய்வு. எனினும் அந்தப் பாதை பகைவர் நடமாட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை. எனவே தெரியாத நிலப்பகுதியில் நான் இதைப் பயன்படுத்துவதில்லை. இவையெல்லாம் ஆட்டத்தின் உள்ளேயே தரப்பட்டுள்ள வசதிகள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். W விசையைத் தானே அழுத்திக்கொண்டிருக்கும் வெளி நிரல்களை நிறுவுவது வேறு விஷயம். பல ஆட்டங்களின் விதிகள் அவற்றைத் தடைசெய்கின்றன, கணக்கையே இழக்க நேரிடலாம்.

இந்த மாற்றங்களைச் செய்து சில மாதங்கள் ஆனபின், மீண்டும் ஒரு மாலை தாளும் கடிகாரமுமாக அமர்ந்தேன். இம்முறை பயணத்துக்கு எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. ஒரு விசையையோ பொத்தானையோ தொடர்ந்து 5 நொடிக்கு மேல் பிடித்திருந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டேன். நான் எடுத்துக்கொண்டது நன்றாகத் தெரிந்த ஒரு வழி: ஊரிலிருந்து கிளம்பி, இரண்டு பாலங்களைக் கடந்து, மலைப்பாதையில் ஏறி, சுரங்க வாயில் வரை. நொடிக்கு 7 யார்டு வீதம் ஐந்து நிமிட ஓட்டம், ஏறத்தாழ 2,100 யார்டு. ஊர்வாயிலில் பின்பொத்தானைத் தட்டி மவுஸைக் கட்டினேன், முன்பொத்தானைத் தட்டி ஓட்டத்தைத் தொடங்கினேன். முதல் பாலம் வரை நேர்ச்சாலை. கர்சரை விடுவித்து, பையில் விற்க வேண்டியவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினேன். பாலத்துக்குச் சற்று முன்னால் மீண்டும் கட்டினேன். பாலம் குறுகலானது, திருப்பம் தவறினால் ஆற்றில் விழ வேண்டும். இரண்டாம் பாலத்தில் நடைக்கு மாறினேன், விளிம்பில்லாத பலகைப் பாலத்தில் நொடிக்கு 2.5 யார்டு வேகத்தில் செல்லும்போது திருத்திக்கொள்ள நிறைய அவகாசம் கிடைக்கிறது. மலைப்பாதையில் இரண்டு இடங்களில் பகைவர் தென்பட, S விசையைத் தொட்டு நின்று, சண்டையிட்டு, மீண்டும் ஓடினேன். சுரங்க வாயிலை அடைந்தபோது தாளில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. ஏணி ஒன்றில் ஏறும்போது W விசையைப் பிடித்திருந்திருக்கிறேன். ஏணியில் ஆட்டோ ரன்னைத் தொடங்கினால் உச்சியில் நிற்காமல் மறுபக்கம் போய்விடும் என்று பயந்து அதை நானே வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

வலி முற்றிலும் போய்விட்டதா என்றால், பயணத்தால் வந்த வலி போய்விட்டது. இரவில் விரல்கள் மரத்துப்போவது, பொருள்களைப் பிடிக்க வலுவில்லாமல் போவது போன்றவை இருந்தால் விசைகளை மாற்றி அடுக்கிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எனக்கு இருந்தது அந்த வகை அல்ல. இப்போது எஞ்சியிருப்பது கழுத்தின் இறுக்கம். கைகள் இரண்டும் ஓய்ந்திருக்கும் பயணத்தில்கூட உடல் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் அடுத்த பத்து நாட்களுக்கு, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஆட்டோ ரன்னை நிறுத்தி, எழுந்து நின்று, தோள்களைச் சுழற்றிவிட்டு மீண்டும் அமர்வது என்று வைத்திருக்கிறேன்.